எப்போ திரும்பப் போறீங்க?

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ லீவில் வந்தவர் கடைத்தெருவில் தென்பட்டால் நம் ஊரில் தவறாமல் இரண்டு கேள்விகள் வரும். "எப்போ வந்தீங்க?" என்பது முதலாவது. வந்தவர் அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள், "எப்போ திரும்பப் போறீங்க?" என்று அடுத்தது வந்துவிடும். ஒரு மாத லீவில் வந்தவருக்கு இது வெறும் குசலம். வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரேயடியாக வந்தவருக்கோ சுருக்கென்று தைக்கும். "போகல, இங்கேதான்" என்று அவர் சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் ஒரு நொடி மாறும். "ஏன், வேலை போயிடுச்சா?" என்ற மூன்றாவது கேள்வி அந்த முகத்திலேயே தெரியும்.

வரவேற்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு கார் அனுப்புவோம், வாசலில் ஆரத்தி எடுப்போம், மூன்று நாளைக்கு மீனும் கறியுமாகச் சமைத்துப் போடுவோம். நான்காம் நாளிலிருந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். வந்தவருக்குச் சிக்கல் தொடங்குவதும் அன்றைக்குத்தான்.

என் பெரியப்பா மகன் 17 வருடம் துபாயில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு பட்டுக்கோட்டைக்குத் திரும்பினார். அண்ணன், அண்ணி, எட்டாம் வகுப்பு முடித்த பெண், ஆறு வயதுப் பையன். டிக்கெட் போடும் முன்பே அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நான் என்னென்ன செஞ்சுட்டு வரணும்னு எனக்கே தெரியல. நீ கேளு, நான் சொல்றேன்" என்றார். அவர் கேட்டது சரியான உதவி. "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால், "ஒண்ணும் வேணாம்ப்பா, எல்லாம் இருக்கு" என்றுதான் யாரும் சொல்வார்கள். எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பது ஊரில் இருப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இங்கே எந்தக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும் என்று அறிந்தவர் அவர்தானே.

முதலில் கேட்க வேண்டியது, ஆதாரும் பேங்க் கணக்கும் எந்த மொபைல் எண்ணோடு இணைந்திருக்கின்றன என்பது. ஊரில் இருப்பவருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. ஆனால் திரும்பி வருபவரின் முதல் மாதம் முழுவதும் இந்த ஒரு முடிச்சில் மாட்டிக்கொள்ளக்கூடும். அண்ணன் பழைய லீவு ஒன்றில் வாங்கிய சிம்மைத்தான் எல்லாவற்றுக்கும் கொடுத்திருந்தார். பேச்சோ டேட்டாவோ எஸ்எம்எஸ்ஸோ எதுவுமே இல்லாமல் 90 நாள் கிடந்தால் அந்த எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம், பிறகு வேறொருவருக்குக் கொடுத்தும் விடலாம். அண்ணனின் எண் அப்படிப் போயிருந்தது. அதற்கு வரும் ஓடிபி எல்லாம் யாரோ முன்பின் தெரியாதவருடைய போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆதாரில் மொபைல் எண்ணை வீட்டிலிருந்தபடியே மாற்ற முடியாது என்பார்கள், ஏனென்றால் வழக்கமான வழியில் அதற்கு ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குக் காகிதம் எதுவும் தேவையில்லை, ஆள்தான் வேண்டும். அதனால் ஊருக்கு வந்தவுடன் புதுச் சிம், அதற்கு அடுத்தது ஆதார் மையம், அதன் பிறகு பேங்க் என்று வரிசை வைத்துக்கொண்டோம். வரிசையை மாற்றினால் ஒவ்வொரு கவுன்டரிலும் "ஓடிபி வந்துச்சா சார்?" என்ற கேள்வியில் வேலை நின்றுவிடும்.

இதே கதை அந்தப் பக்கமும் உண்டு. துபாய் பேங்க் கணக்கு அந்த ஊர் எண்ணோடு இணைந்திருக்கும். புறப்படும் அவசரத்தில் அந்தச் சிம்மை ரத்து செய்துவிட்டு வந்தால் அங்கே இருக்கும் பணத்தைத் தொட வழியிருக்காது. அமீரகச் சட்டப்படி வேலையிலிருந்து விலகுபவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம். 17 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 105 நாளும் 360 நாளும் சேர்ந்து 465 நாள். மொத்தச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. அது 4,000 திர்ஹாம் என்றால் கையில் வருவது 62,000 திர்ஹாம். வேலை முடிந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் கம்பெனிகள் இழுத்தடிப்பது உண்டு. அந்தப் பணம் வந்து சேரும்வரை கணக்கும் சிம்மும் உயிரோடு இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தபோது திறந்த கணக்கை, ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள நம் நாட்டு அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே அவசரப்பட்டு மூட வேண்டியதில்லை.

அடுத்தது பெயர். இது நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரை விரித்துக் கடைசிப் பெயர் ஆக்கியிருப்பார்கள். பான் கார்டில் அதுவே தலைகீழாக ஏறியிருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால் வந்திருக்கும், அல்லது வராமலே போயிருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் சில சமயம் அப்பா பெயர், சில சமயம் கணவர் பெயர். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் எப்படி இருக்கிறதோ, அது இந்த எதனோடும் பொருந்தாமல் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும்வரை பாஸ்போர்ட் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பதால் இது கண்ணில் படாது. ஊருக்கு வந்து ஆதாரையும் பானையும் இணைக்கப் போகும்போதுதான், பெயர் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு இருந்தது. திரும்பி வந்தவருக்கு அந்த விலக்கு இல்லை. தாமதக் கட்டணமாக 1,000 ரூபாயும் கட்ட வேண்டியிருக்கும். இணைக்காவிட்டால் பான் செயலற்றுப் போகும், வட்டிக்குப் பிடிக்கும் வரியும் கூடும்.

அதனால் அண்ணனிடம் பாஸ்போர்ட், பான், ஆதார், கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்துக்கு எழுத்து பெயர்களை எழுதிப் பார்த்தபோது நால்வருக்குமாக ஏழெட்டு விதமான எழுத்து இருந்தது. பாஸ்போர்ட்டில் இருப்பதை மூலமாக வைத்து, மற்றவற்றை அதற்கு ஒப்ப மாற்றுவது என்று முடிவு செய்தோம். மாற்றக் கடினமானது பாஸ்போர்ட், அதனால் அந்த முடிவு. இந்த ஒரு தாளைத் தயார் செய்வது ஊரில் இருக்கும் உறவினர் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி என்பேன். விருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அங்கிருந்தே வாங்கி வர வேண்டிய காகிதம் பிள்ளைகளுடையது. துபாயில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும், இந்தியத் தூதரக முத்திரையும் இருந்தால் இங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கும் எந்தெந்த முத்திரை வேண்டும் என்று இங்கே சேர்க்கப்போகும் பள்ளியில் முன்கூட்டியே எழுதி வாங்கி அனுப்பிவிட வேண்டும். இங்கே வந்த பிறகு அந்த முத்திரைக்காக ஏஜென்ட் பிடித்துக் கூரியரில் அனுப்பினால் செலவும் அதிகம், நாளும் போகும். பிள்ளைகளிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் ஆதாருக்கு 182 நாள் காத்திருக்கத் தேவையில்லை. வந்தவுடனே பதியலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குத்தான் அந்தக் காத்திருப்பு.

பெண்ணின் படிப்பு விஷயத்தில் எங்களுக்குள் ஒரு பெரிய விவாதமே நடந்தது. "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே சேருங்க, நடந்து போயிட்டு வரலாம்" என்றார் என் அம்மா. அது மாநிலப் பாடத்திட்டப் பள்ளி. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த் தாள் எழுதியாக வேண்டும். அவளோ துபாயில் சிபிஎஸ்இ பள்ளியில் இந்தியும் அரபியும் படித்தவள். வீட்டில் கணீரென்று தமிழ் பேசுவாள், நாளிதழ் தலைப்பை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். செய்யுள், இலக்கணம், கட்டுரை என்று இரண்டே வருடத்தில் அவளை இழுத்துக்கொண்டு போவது அவளுக்குத் தண்டனைதான். தமிழ் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொதுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துக் கற்றுக்கொடுப்பது பிள்ளையை மொழியிடமிருந்து விரட்டும் வழி.

சிபிஎஸ்இ-யிலேயே தொடர்வது என்றால் நேரம் முக்கியம். அங்கே ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே இரண்டு வருடப் படிப்பு. ஒன்பதில் எடுத்த மொழிகளைத்தான் பத்திலும் எழுத வேண்டும். நேராகப் பத்தாம் வகுப்பில் சேர்ப்பது சில காரணங்களுக்கு மட்டும்தான், அதுவும் அனுமதி வாங்கி. பெண் எட்டு முடித்த மார்ச் மாதம் திரும்பினால் சுலபம், ஒன்பதின் நடுவில் திரும்பினால் சிக்கல். துபாயில் உள்ள இந்தியப் பள்ளிகளுக்கும் ஏப்ரலில்தான் வகுப்பு தொடங்குகிறது என்பதால் மார்ச் கடைசி என்று தேதி குறித்தோம். அந்தப் பகுதியில் உள்ள பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு எந்தெந்த மொழி இருக்கிறது என்று நான் போய்க் கேட்டு வந்தேன். தமிழை அவள் மாலையில் ஓர் ஆசிரியையிடம் தேர்வு பயமில்லாமல் படிக்கிறாள்.

மார்ச் கடைசி என்பதற்கு வரிக் கணக்கிலும் ஒரு பயன் இருந்தது. அதைச் சொல்லும் முன் பேங்க் கணக்கு பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் அது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஈ கணக்கின் வட்டிக்கு வரி கிடையாது. அந்தச் சலுகை அவர் வெளிநாட்டில் வசிக்கும்வரைதான். நிரந்தரமாக ஊர் திரும்பியதுமே அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் அவர் உள்நாட்டவர் ஆகிவிடுகிறார். உடனே பேங்க்குக்குத் தகவல் சொல்லி, என்ஆர்ஈ, என்ஆர்ஓ இரண்டையும் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். பலர், "டெபாசிட் முடியட்டும், அதுவரை இருக்கட்டும்" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அது விதிமீறல். பிறகு வருமான வரித் துறை கேட்டால் அந்த வருடங்களின் வட்டிக்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அண்ணனுக்கு 40 லட்ச ரூபாய் என்ஆர்ஈ டெபாசிட் இருந்தது. 7 சதவீத வட்டி என்றால் வருடம் 2,80,000 ரூபாய். திரும்பிய நாளிலிருந்து அது அவருடைய வருமானத்தில் சேரும்.

டாலரிலோ வேறு நாட்டுப் பணத்திலோ போடும் எப்சிஎன்ஆர் டெபாசிட்டின் கதை வேறு. வெளிநாட்டில் இருக்கும்போதே போட்டுவிட்டால், ஊர் திரும்பிய பிறகும் முதிர்வுத் தேதிவரை அதே வட்டியில் ஓடும். அந்த வட்டிக்குச் சில காலம் வரிவிலக்கும் உண்டு. வருமான வரிச் சட்டம் திரும்பி வந்தவரை உடனே முழு உள்நாட்டவராகப் பார்ப்பதில்லை, "சாதாரணமாக வசிக்காத உள்நாட்டவர்" என்று ஓர் இடைநிலை வைத்திருக்கிறது. அந்த நிலை இருக்கும்வரை எப்சிஎன்ஆர் வட்டிக்கும், வெளிநாட்டில் கிடைக்கும் வருமானத்துக்கும் இங்கே வரி இல்லை. என்ஆர்ஈ வட்டிக்கு அந்த நிலை கைகொடுக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இந்த இடைநிலை எத்தனை வருடம்? முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டவராகக் கருதப்பட்டிருந்தால் கிடைக்கும். அல்லது முந்தைய ஏழு வருடத்தில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளுக்கு மேல் போகாமல் இருந்தால் கிடைக்கும். மார்ச் கடைசியில் வந்த அண்ணனுக்கு, வந்த அந்தக் கணக்காண்டில் இங்கே இருந்த நாள்கள் குறைவு என்பதால் அது வெளிநாட்டு ஆண்டாகவே போனது. லீவில் வந்த நாள்களையும் அதில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், அதைக் கூட்டியும் 60 நாளைத் தொடவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் இடைநிலை. மூன்றாவது வருடம் வரும்போது இரண்டு முழு வருடத்துக்கு 365-ம் 365-ம் சேர்ந்து 730 நாள் ஆகிவிடும், ஒரே ஒரு நாளில் வரம்பு தாண்டிவிடும். நடு வருடத்தில் திரும்பும் சிலருக்கு இது மூன்று வருடம்வரை நீள்வதும் உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரைகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்தால் தெளிவாகிவிடும். அதுவும் டிக்கெட் போடும் முன்பு.

உடம்பு பற்றி அண்ணனிடம் கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. அண்ணிதான் சொன்னார், "தம்பி, அவருக்கு அஞ்சு வருஷமா சுகர். மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்காரு" என்று. அங்கே கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு விசாவோடு முடிந்துவிடும். இங்கே புதிதாக எடுத்தால், முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வரம்பு வைத்தது. அதற்கு முன்பு 48 மாதம். அதனால் திரும்பும் எண்ணம் வந்த அன்றே, வெளிநாட்டில் இருக்கும்போதே இங்கே ஒரு பாலிசி எடுத்து வைத்துக்கொண்டால் காத்திருப்பு அங்கேயே கழிந்துவிடும். சுகர் இருப்பதை மறைத்து எடுத்தால் கிளெய்ம் வரும்போது அதையே காரணமாகச் சொல்லி மறுப்பார்கள். அண்ணன் இதைத் தாமதமாகத்தான் செய்தார், இன்னும் காத்திருப்பில்தான் இருக்கிறார். மாத்திரை விஷயத்தில் அங்குள்ள பிராண்டு பெயர் இங்கே மருந்துக்கடையில் தெரியாது. மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு வந்தால் முதல் நாளே கிடைத்துவிடும்.

டிரைவிங் லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். துபாய் லைசென்ஸை வைத்து இங்கே ஓட்ட முடியாது. பழைய இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். பாலைவன நெடுஞ்சாலையில் 120-இல் போனவர் ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் ஆதார் சரியான பிறகு தானாக வரிசைக்கு வரும்.

காகிதத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. நான் அண்ணனிடம் மட்டும்தான் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அண்ணி தனியாகப் பேசினார். "உங்க அண்ணனுக்கு இது திரும்பி வர்றது. எனக்கு இது புது ஊரு தம்பி. நான் கல்யாணம் ஆனதும் நேரா அங்கே போனவ" என்றார். அவருக்கு வேண்டியது, பெரிய வீட்டுக்குள் தனிக் கதவுள்ள ஓர் அறை. அவர் கையில் ஒரு ஸ்கூட்டி. அங்கே பார்த்த கணக்கு எழுதும் வேலையை வீட்டிலிருந்து தொடர நிலையான இன்டர்நெட். மூன்றும் யாருக்கும் தோன்றாதவை. கரண்ட் போனால் கணினி அணையாமல் இருக்க ஒரு இன்வெர்ட்டரும் தேவைப்பட்டது. பையனிடம் கேட்டபோது, "பாத்ரூம்ல பல்லி இருக்கக் கூடாது" என்றான். அதை மட்டும் யாராலும் உறுதி கொடுக்க முடியவில்லை.

ஊரார் செய்யும் இன்னொரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வந்த முதல் வாரத்திலேயே மூன்று திட்டங்கள் வந்தன. ஒருவர் ஹோட்டல் போடலாம் என்றார், ஒருவர் பிளாட் வாங்கலாம் என்றார், தூரத்து மாமா ஒருவர் கைமாற்றாக ஐந்து லட்சம் கேட்டார். அது எல்லாம் அவர்கள் கணக்கில் வரவேற்புதான். கிராஜுவிட்டியே வந்து சேராத நிலையில், "சொந்தக்காரங்க கேட்கிறாங்க, எப்படி இல்லைன்னு சொல்றது?" என்று அண்ணன் தடுமாறினார். ஆறு மாதத்துக்குப் பணம் சம்பந்தமான எந்தப் பேச்சும் இல்லை என்று பெரியப்பா வீட்டில் எல்லோரையும் வைத்துச் சொன்னார். அவர் சொன்னதால் அது நின்றது. நான் சொல்லியிருந்தால் என்னோடு பேச்சு வார்த்தை நின்றிருக்கும். வீட்டுப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு இது.

உங்கள் வீட்டிலும் யாராவது "இந்த வருஷம் வந்துடலாம்னு இருக்கோம்" என்று சொன்னால், எந்த விமானம், எத்தனை பெட்டி என்று கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, பிள்ளை எந்த வகுப்பு, இங்கே காப்பீடு எடுத்தாகிவிட்டதா என்ற நான்கையும் இன்றைக்கே போனில் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அவர் மனைவியிடம் தனியாக ஒருமுறை பேசுங்கள்.